மூன்றாம் மாடி யாருக்கு விழும்? உப்புவெளி விடுதி ஒன்றில் நடந்த ஒரு படி தாண்டிய கூட்டம்

நிலாவெளி வீதியில், உப்புவெளிப் பக்கம் இருக்கும் 42 அறை விடுதி ஒன்றுக்கு நான் முகாமையாளராக இருந்த காலத்தில் நடந்தது இது. விடுதியின் பெயர் தேவையில்லை. பிழையில் பாதி என்னுடையது என்பதால் எழுதுவதற்கு எனக்குச் சங்கடமும் இல்லை.

எனக்குக் கீழே ஹவுஸ்கீப்பிங் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர். இந்தத் தொழிலில் என்னைவிட அனுபவம் கூடியவர், எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்காதான். அவருக்குக் கீழே 14 பேர்: அறை துப்புரவுக்கு ஒன்பது, லோண்டரிக்கு மூன்று, வரவேற்பறையும் தோட்டப்பக்கமும் பார்க்க இரண்டு. அந்தப் பதினாலு பேரையும் அக்கா இல்லாமல் நான் நேரே சந்திப்பதைத்தான் ஸ்கிப்-லெவல் கூட்டம் என்கிறார்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டிப் பேசுவது, அவ்வளவுதான். கேட்கச் சுலபம். நான் முதல் தடவை செய்தபோது பதினாலு பேரின் வாயையும் அக்காவின் கையையும் ஒரே மத்தியானத்தில் கட்டிப்போட்டேன்.

முதல் தடவை

கிழக்குக் கரையில் சீசன் மே தொடக்கம் செப்டம்பர் வரை. ஜூலையில் ஒரு போயாவோடு நீண்ட வார இறுதி வந்தது. கொழும்பிலிருந்து வந்த குடும்பங்களால் விடுதி நிரம்பி வழிந்தது. ஞாயிறு அன்று அறைகள் பிந்தின. இரண்டு மணிக்குச் சாவி தரவேண்டிய விருந்தினர்கள் நாலு மணிவரை வரவேற்பறையில் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். அதற்கு முந்திய இரண்டு ஞாயிறும் அப்படித்தான். வரவேற்பறைப் பையன்கள் "ஹவுஸ்கீப்பிங் ஸ்லோ சேர்" என்றார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கீழே இருப்பவர்களையே கேட்போம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பேரை என் அறைக்குக் கூப்பிட்டேன். அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று அவருக்கு ஓப். என் அறைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. வெளியே போய்வருகிற எல்லாருக்கும் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். அந்த எட்டுப் பேரில் ஒரு பிள்ளை அக்காவின் தங்கை மகள். எனக்கு அது தெரியும், ஆனால் யோசிக்கவில்லை. நம் ஊரில் ஒரு வேலைத்தலத்தில் பதினாலு பேர் இருந்தால் அதில் நாலு பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். ஆள் நிர்வாகம் பற்றிய பாடங்களில் இது வருவதில்லை, திருகோணமலையில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் கால் மணி நேரம் "ஒரு பிரச்சினையும் இல்லை சேர்." பிறகு மூதூரில் இருந்து வரும் ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது: "ரோஸ்டர் சனிக்கிழமை பின்னேரம்தான் போடுறாங்க சேர். ஞாயிறு லேட் ஷிப்ட் எண்டு அப்பதான் தெரியும். பஸ்ஸுக்கு என்ன செய்யிறது?" 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு அந்தப் பாதையின் மற்றப் பாலங்களும் திறந்ததோடு பாதைப்படகுக்காகக் காத்து நிற்கும் கஷ்டம் போய்விட்டது, உண்மைதான். ஆனால் இருட்டின பிறகு பஸ் கிடைக்க வேண்டுமே. வீட்டிலிருந்து யாராவது மோட்டார் சைக்கிளில் வரவேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் முதலே சொல்லிவைக்க வேண்டும்.

நான் நல்லவனாக இருக்க நினைத்தேன். "இனிமேல் தூரத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு லேட் ஷிப்ட் இல்லை" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்தபோது அவர் போட்ட ரோஸ்டர் குழம்பிப் போயிருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று பேர் "அப்ப எங்களுக்கு மட்டும் எல்லா ஞாயிறும் லேட்டா?" என்று அவரிடம் சண்டைக்கு நின்றார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது தங்கை மகள் வழியாக இரவே அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா என்னிடம் வந்து, "சேர், ரோஸ்டர் கொப்பியை நீங்களே வைச்சிருங்கோ" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு கிழமை லீவு கேட்பவர்கள் என் கைபேசிக்குத்தான் செய்தி அனுப்பினார்கள். மூதூர்ப் பிள்ளை என்னைக் கண்டால் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

ஞாயிறு அறைகள் தொடர்ந்து பிந்தின. நான் கேட்கப் போன கேள்விக்குப் பதில் கிடைக்கவேயில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அக்காவிடமிருந்து தொடங்கியது

இரண்டாம் தடவைக்கு முதல் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், ரோஸ்டர் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன், நான் சொன்ன ஞாயிறு விதியை அவர் விரும்பினால் மாற்றலாம் என்றும் சொன்னேன். அவர் மாற்றவில்லை, "சொன்னதைச் சொன்னபடி ஒரு மாதம் விடுவம்" என்றார். பிறகு நான் செய்ய நினைப்பதைச் சொன்னேன். பதினாலு பேரையும், ஒருவரும் விடுபடாமல், தனித்தனியே 20 நிமிடம் சந்திப்பேன். உங்களைப் பற்றிய விசாரணை இல்லை. எந்த முடிவும் அங்கே எடுக்க மாட்டேன். எல்லாம் முடிந்ததும் முதலில் உங்களிடம்தான் வந்து பேசுவேன். உங்களுக்கும் அவர்களிடம் கேட்க ஏதாவது இருந்தால் தாருங்கள், உங்கள் கேள்வியாகவே கேட்கிறேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி தந்தார்: "துணி எங்க குறையுது எண்டு கேளுங்கோ." அப்போது அதன் பாரம் எனக்கு விளங்கவில்லை.

கூட்டம் நடக்கப் போகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அறிவித்தவரும் அக்காதான், காலை பிரீஃபிங்கில். நான் அறிவித்திருந்தால் 'சேர் அக்காவைப் பிடிக்கப் போறார்' என்று கதை போயிருக்கும். அவர் வாயால் வந்ததால் பேசுவதற்கு அவருடைய சம்மதம் இருக்கிறது என்று ஆனது. பயந்த பிள்ளைக்கு என்னுடைய உத்தரவாதத்தைவிட அந்தச் சம்மதம்தான் பெரிது.

தனித்தனியே என்று வைத்ததற்குக் காரணம் அந்தத் தங்கை மகள். அவளைக் கூட்டத்தில் சேர்த்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவளை மட்டும் தனியே கூப்பிட்டால் அவள் ஒற்றர் என்று ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம், ஒரே இடம், பெயர்ப் பட்டியல் வரிசைப்படி என்றால் யார் எவ்வளவு சொன்னார்கள் என்பதை ஒருவராலும் கணக்குப் போட முடியாது. சொல்ல ஒன்றும் இல்லாதவரையும் இருபது நிமிடம் இருத்திவைத்தேன். நாலு நிமிடத்தில் முடித்து எழுந்துபோகிறவர் வந்தால், முழு நேரமும் இருந்தவர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று ஆகிவிடும் அல்லவா.

ஒரு நாளைக்கு மூன்று பேர், மத்தியானம் 2.30இலிருந்து 3.30 வரை, ஐந்து நாளில் முடிந்தது. அது வேலை நேரம், அறைகள் முடிந்து கொஞ்சம் ஓயும் வேளை. வேலை முடிந்த பிறகு வைத்தால் கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்குப் பஸ் தவறும். வெள்ளிக்கிழமை ஜும்மா கலைந்து வரும் நேரத்தையும் தவிர்த்தேன். இடம், சாப்பாட்டு மண்டபத்தின் கடற்கரைப் பக்க மூலை மேசை. எல்லாரும் பார்க்கலாம், ஒருவருக்கும் கேட்காது. சிங்களப் பிள்ளைகள் இரண்டு பேரோடு சிங்களத்தில் பேசினேன். முதல் தடவை அவர்கள் இருவரும் வாயே திறக்காததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

மேசையில்

ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் ஒரே வார்த்தைகள்தான். "நான் அக்காவைப் பற்றி விசாரிக்க வரேல்லை. வேலை எங்க தடைப்படுது எண்டு பார்க்க வந்தன். இங்க நான் ஒண்டுக்கும் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்ல மாட்டன். நீங்க சொன்னது எண்டு பெயர் போகாது. ஆனா மூண்டு விஷயத்தை மட்டும் என்னால மறைக்க ஏலாது: ஆரும் உங்களைத் தொந்தரவு செய்தால், காசு களவு, ஆருக்கும் காயம் வரக்கூடியது. அப்பிடி ஒண்டு சொல்லப் போறீங்க எண்டால் முதலே தெரிஞ்சு சொல்லுங்கோ."

இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறகு மீறுவதைவிட, எல்லையை முதலே சொல்வது நல்லது. எனக்கு அது இரண்டாம் நாளே தேவைப்பட்டது. ஒரு பையன் பேச்சுவாக்கில், கழிவறைக்கு ஊற்றும் அசிட்டை வெறும் தண்ணிப் போத்தலில் நிரப்பி வண்டியில் வைப்பதாகவும், கறை போகாவிட்டால் மேலே கொஞ்சம் பிளீச்சும் ஊற்றுவதாகவும் சொன்னான். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது விளையாட்டு இல்லை. "தம்பி, இது மூண்டாவது வகை, நான் இப்பவே அக்காவுக்குச் சொல்லவேணும்" என்று அவனுக்கு முன்னாலேயே அக்காவுக்கு அழைத்தேன். யார் என்று சொல்லவில்லை. எல்லா வண்டியையும் பாருங்கோ என்றேன். பத்து நிமிடத்தில் அவரே எல்லாப் போத்தலையும் எடுப்பித்தார். நான் எழுந்து போய் வண்டிகளைச் சோதித்திருந்தால் அதுவும் முதல் தடவையைப் போலத்தான் முடிந்திருக்கும்.

கேள்விகளில் ஒன்றுதான் உண்மையில் வேலை செய்தது. "பிரச்சினை என்ன" என்று கேட்டால் பதில் வராது. "போன ஞாயிறு காலையில வந்து கையெழுத்து வைச்சதில இருந்து நடந்ததைச் சொல்லுங்கோ, எங்க எங்க நிண்டு காத்திருந்தீங்க?" என்று கேட்டேன். நடந்ததைச் சொல்வது கோள் சொல்வது ஆகாது, அதனால் வாய் திறக்கிறது. ஒன்பது அறைப் பிள்ளைகளில் ஏழு பேர் அந்த ஞாயிறு வேலையில் இருந்தவர்கள். ஏழு பேரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள்: லினன் அறை வாசல். படுக்கை விரிப்புக்காக.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். ஒரு விடுதிக்கு ஒவ்வொரு படுக்கைக்கும் மூன்று சோடி விரிப்பு வேண்டும் என்பது தொழிலில் பழைய கணக்கு: ஒன்று படுக்கையில், ஒன்று லோண்டரியில், ஒன்று அலுமாரியில். 42 படுக்கைக்கு எங்களுக்கு 126 சோடி வேண்டும். கிழிந்தது, கறை பிடித்தது போக இருந்தது 75. அதில் 42 படுக்கையில். சனிக்கிழமை மாற்றிய 15 ஞாயிறு காலையிலும் லோண்டரியில். ஆக அலுமாரியில் 18. ஞாயிறு காலியாகும் அறைகள் 30. கொழும்புப் பயணம் நீண்டது என்பதால் விருந்தினர்கள் காலைச் சாப்பாட்டோடு புறப்பட்டுவிடுவார்கள். ஒரு அறைக்கு 40 நிமிடம் வைத்தாலும் ஏழு பேர் ஒரு மணிக்குள் முடித்திருப்பார்கள். ஆனால் பத்தொன்பதாவது அறைக்குத் துணி கழுவி, காய்ந்து, அயன் பண்ணி வரவேண்டும். ஆள் ஸ்லோ இல்லை, துணிதான் இல்லை.

ஏப்ரலில் விரிப்பு வாங்கக் கேட்டு அக்கா கொடுத்த கடிதத்தில் 'சீசன் முடியப் பார்ப்போம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். பிள்ளைகள் தன்னைத் திட்டியபோதும், வரவேற்பறை தன்னைக் குறை சொன்னபோதும் அவர் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. என் மானத்தை அவர் காத்துக்கொண்டிருக்க, அவருடைய முதுகுக்குப் பின்னால் நான் கூட்டம் வைத்திருக்கிறேன்.

ரோஸ்டர் பற்றி ஒன்பது பேர் சொன்னார்கள். மூதூர்ப் பிள்ளை மட்டும் இல்லை, உள்ளூர்ப் பிள்ளைகளும்தான். அதற்கும் ஒரு வேர் இருந்தது: அடுத்த கிழமை எத்தனை அறை நிரம்பும் என்ற விவரத்தை வரவேற்பறை அக்காவுக்குக் கொடுப்பதே சனிக்கிழமை மத்தியானம்.

அப்புறம், மூன்றாம் மாடி. இதைச் சொன்னது ஒரே ஒருவர். இது ஏற்கெனவே அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் "அக்காவிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டால் அது 'ஏன் என்னிடம் வந்தாய்' என்ற அதட்டலாகத்தான் விழும். மாற்றிக் கேட்டேன்: "இதை அக்காவிட்டச் சொல்லப் போனால் என்ன நடக்கும் எண்டு நினைக்கிறீங்க?" கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா கோவிக்க மாட்டா சேர். ஆனா லீவு கேட்டா, அடுத்த கிழமை மூண்டாம் மாடி விழும்" என்று பதில் வந்தது. எங்கள் விடுதியில் லிப்ட் இல்லை.

ஒவ்வொரு சந்திப்பின் கடைசியிலும், "இதில எதை நான் அக்காவோட கதைக்கலாம், எப்பிடிச் சொன்னால் உங்களுக்குச் சங்கடம் இல்லை?" என்று கேட்டேன். மூன்றாம் மாடி பற்றி மட்டும் "வேண்டாம் சேர்" என்ற பதில்.

அக்காவோடு

பதினாலு பேரும் முடிந்த அன்று பின்னேரமே அக்காவைச் சந்தித்தேன். ஒரு இரவு தாண்டினால் அவருக்குக் கதைகள் வேறு வழியாக வந்துவிடும். முதலில் துணிக் கணக்கை வைத்தேன், ஏப்ரல் கடிதத்தையும் வைத்தேன். "இது என்ர பிழை. நாளைக்குப் பிரீஃபிங்கில நானே சொல்றன்." பிறகு பிள்ளைகள் அவரைப் பற்றிச் சொன்ன நல்லதை, அவர்கள் சொன்ன விதத்திலேயே சொன்னேன்: சாப்பாட்டு நேரத்தில் யாரையும் அறைக்கு அனுப்ப மாட்டார், விருந்தினர் கத்தினால் முன்னால் வந்து நிற்பார். மூன்றாவதாகத்தான் ரோஸ்டர்.

"இது மூதூர்ப் பிள்ளை சொன்னதுதானே?" என்றார் உடனே.

இதற்குப் பதிலை நான் முதலே யோசித்து வைத்திருந்தேன். "ஆர் எண்டு சொல்ல மாட்டன் அக்கா. நீங்க நினைக்கிறது சரியா பிழையா எண்டும் சொல்ல மாட்டன். கனபேர் சொன்னவை." பிழையான ஊகத்துக்கு "இல்லை, அவ இல்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த பெயருக்கு வாய் மூடும்போதே பதில் தெரிந்துவிடும். பதினாலு பேர் கொண்ட இடத்தில் மூன்று பெயரில் ஆள் அகப்பட்டுவிடும்.

ஒருவர் மட்டும் சொன்னதை நான் மேசைக்குக் கொண்டுவரவில்லை. இரண்டு மாத ரோஸ்டர் கொப்பியையும் லீவுப் படிவங்களையும் தனியே வைத்துப் பார்த்தேன். மூன்றாம் மாடி பெரும்பாலும் முறைப்படிதான் சுற்றியிருந்தது. லீவுக்கு அடுத்த கிழமை மூன்றாம் மாடி விழுந்த இடங்கள் இரண்டு இருந்தன. வேண்டுமென்றே செய்ததா, முறை அப்படி வந்ததா, கொப்பி சொல்லாது. அதை வைத்து ஒரு மனுசியைக் குற்றம் சொல்ல முடியாது. சொன்ன பிள்ளையைப் பொய் என்றும் தள்ள முடியாது.

ரோஸ்டரை என்ன செய்வது என்பதை அக்காவே முடிவெடுத்தார்: வியாழக்கிழமை பின்னேரமே போடுவது, வரவேற்பறை புதன்கிழமைக்குள் விவரம் கொடுப்பது, ஞாயிறு லேட் ஷிப்ட் எல்லாருக்கும் சுற்றி வருவது. நான் சொன்ன தூரத்துப் பிள்ளைகள் விதியை அவர் எடுத்துவிட்டார். மூதூர்ப் பிள்ளை உட்பட ஒருவரும் முறையிடவில்லை. மூன்று நாள் முதலே தெரிந்தால் வீட்டில் ஏற்பாடு செய்யலாம், பிரச்சினை அதுதான். புது ஒழுங்கைப் பிரீஃபிங்கில் அறிவித்தவர் அக்கா. வரவேற்பறையைப் புதன்கிழமைக்கு வளைத்தது மட்டும் என் வேலை. நான் அறிவித்தது துணிக் கதையை.

பிறகு வந்தவை

இந்தக் கூட்டம் கெட்டுப்போகும் இடம் அடுத்த ஆறு கிழமை. என் கைபேசிக்கு மறுபடி லீவுச் செய்தி வந்தது. "அக்காவிட்டக் கேளுங்கோ தங்கச்சி, அவ சொல்றதுதான் என்ர முடிவும்" என்று அனுப்பினேன். இரண்டு முறை அப்படி அனுப்பிய பிறகு செய்தி வருவது நின்றது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு வியாழனும் ரோஸ்டரின் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மனம் திறந்தவர்களுக்கு வேலை கூடுகிறதா, ஓப் நாள் துண்டாகிறதா என்று பார்க்க. ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அது வேறு கதை. அக்காவை நேரே கேட்டிருக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை இருக்கிறது. நடுவில் இருப்பவர் மேல் களவு, தொந்தரவு போன்ற முறைப்பாடு ஏற்கெனவே வந்திருந்தால் இதை வைக்கவே கூடாது. அங்கே அவருக்குச் சொல்லிவிட்டு, அவர் வாயால் அறிவித்துக் கூட்டம் வைப்பது சொன்னவர்களைக் காட்டிக்கொடுப்பது. அது முறைப்படி விசாரணைக்குப் போகவேண்டிய சங்கதி.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதைத் தொடர்ந்தோம். ஏதாவது நடந்த பிறகு மட்டும் வைத்தால் அது விசாரணை போலத்தான் இருக்கும். இரண்டாம் சுற்று சீசன் முடிந்து, மழை தொடங்கிய நேரத்தில் வந்தது. முதல் சுற்றில் இருபது நிமிடமும் கடலைப் பற்றியே பேசிய லோண்டரிப் பையன் அப்போதுதான் டிரையரின் வடிகட்டி வருஷக்கணக்கில் கழற்றப்படவில்லை என்று சொன்னான். தங்கை மகள் இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சுற்றுக்கு முதல் நாள் லினன் அறைக் கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. எந்தக் கிழமை யாருக்கு எந்த மாடி, அடுத்த மூன்று மாதத்துக்கும், அக்காவின் கையெழுத்தில். நான் அதைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. "இது என்ன அக்கா?" என்று கேட்டேன். "சும்மாதான் சேர். எல்லாரும் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விரிப்பு எண்ணப் போய்விட்டார்.